விண்மீன் தடத்தை அளந்து, படம் எடுத்த நேரத்தைக் கண்டுபிடித்தல்: வன்னி வானத்துக்கான வழிகாட்டி

கமராவை வடக்கு நோக்கி நிறுத்தி நெடுநேரம் படம் எடுத்தால் விண்மீன்கள் புள்ளிகளாக விழுவதில்லை, வளைந்த கோடுகளாக விழுகின்றன. எல்லாக் கோடுகளும் வானத்தின் ஒரே புள்ளியைச் சுற்றிய வட்டத் துண்டுகள். படம் எவ்வளவு நேரம் எடுக்கப்பட்டது என்பது அந்தத் துண்டுகளிலேயே பதிந்திருக்கிறது. குறிப்பேடு தொலைந்தாலும், கோப்பிலிருந்த தகவல் அழிந்தாலும், ஒரு பாகைமானியால் அதை மீட்டெடுக்கலாம்.

இதை விளக்க எங்கள் வீட்டுப் படம் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். என் பெரியம்மாவின் மகன், எனக்குத் தம்பி முறை, மார்ச் மாதக் கடைசியில் வன்னியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் ஒன்றில் அதை எடுத்தான். காலபோக அறுவடை முடிந்து வெளி திறந்து கிடந்தது. வடக்கே ஒரு பனை வரிசை. முப்பது விநாடிப் படங்களை விடாமல் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினான். பிறகு இடம் போதாமல் தனிப்படங்களை அழித்துவிட்டான். "அண்ணா, இது எத்தனை மணித்தியாலம் என்று எனக்கே தெரியவில்லை, படத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டான்.

நீளம் அல்ல, கோணம்

புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் தவறுவது இங்கேதான். படத்தின் ஓரத்தில் நீண்ட தடங்களும் நடுவட்டத்தில் குட்டையான தடங்களும் தெரியும். நீண்ட தடம் அதிக நேரத்தைக் காட்டுகிறது என்று தோன்றும். அப்படியல்ல. செக்குமாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நுகத்தின் வெளிமுனையில் நிற்கும் மாடு நெடுந்தூரம் நடக்கிறது, உலக்கைக்கு அருகில் இருப்பது சிறிதளவே நகர்கிறது. ஆனால் இரண்டும் ஒரு சுற்றை ஒரே நேரத்தில்தான் முடிக்கின்றன. விண்மீன்களும் அவ்வாறே. மையத்தில் நின்று பார்த்தால் ஒவ்வொரு தடமும் ஒரே கோணத்தைத்தான் கடந்திருக்கும்.

அந்தக் கோணத்தின் வேகம் நிலையானது. பூமி விண்மீன்களைப் பொறுத்து ஒரு முறை சுழல 23 மணி 56 நிமிடம் 4 விநாடி எடுக்கிறது. இதை நிமிடமாக்கினால் 1436. 360 பாகையால் வகுத்தால் ஒரு பாகைக்கு 3.989 நிமிடம். நான்கு நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் மூன்று மணிநேரப் படத்தில் அரை நிமிடம்தான் பிசகும். ஆகவே மனக்கணக்குக்கு "பாகைக்கு நான்கு நிமிடம்" என்பது தாராளமாகப் போதும். உங்கள் பிழை அங்கிருந்து வராது. மையத்தைத் தவறாகக் குறிப்பதிலிருந்தும், பொருந்தாத தடத்தைத் தேர்வதிலிருந்தும்தான் வரும். எனவே அவை இரண்டிலும்தான் நேரத்தைச் செலவிடப் போகிறோம்.

எந்தத் தடத்தை அளப்பது

வன்னியில் இருப்பவருக்கு இது தனிப் பாடம். இரணைமடு வடக்கு அகலாங்கு ஏறத்தாழ 9.3 பாகையில் இருக்கிறது. அதனால் தடங்களுக்கெல்லாம் மையமான வட வான்துருவம் அடிவானத்திலிருந்து 9.3 பாகை உயரத்தில் மட்டுமே நிற்கிறது. கையை நீட்டி மூடிய கைப்பிடியை அடிவானத்தில் வைத்தால் அதன் மேல்விளிம்பு ஏறத்தாழ அந்த உயரத்தைத் தொடும். பனை வரிசைக்குப் பக்கத்தில் நின்றால் துருவப்புள்ளியே மறைந்துவிடும். துருவ நட்சத்திரத்தையும், துருவத்திலிருந்து 9 பாகைக்குள் இருக்கும் சில மங்கலான விண்மீன்களையும் தவிர மற்றவை எல்லாம் நமக்கு உதித்து மறைபவை. ஐரோப்பியப் படங்களில் காணும் முழு வளையங்கள் இங்கே கிடையாது. வளையத்தின் கீழ்ப்பாதி நிலத்துக்குள் போய்விடுகிறது.

இதன் விளைவு முக்கியமானது. வடக்கு நோக்கி நின்றால் விண்மீன்கள் வலப்பக்கம் எழுந்து, துருவத்துக்கு மேலே இடப்பக்கம் நகர்ந்து, பிறகு இறங்குகின்றன. கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. ஆகவே வலப்பக்கம் தாழ்வாகத் தொடங்கும் தடம், அந்த விண்மீன் படம் தொடங்கியபின்பு உதித்ததாலோ மரத்தின் பின்னாலிருந்து வெளிவந்ததாலோ தொடக்கம் வெட்டுண்டிருக்கலாம். இடப்பக்கம் தாழ்வாக முடியும் தடம், படம் முடியும் முன்பே மறைந்திருக்கலாம். இரண்டும் உண்மையைவிடக் குறைந்த நேரத்தையே காட்டும்.

ஆகவே இரண்டு முனைகளும் வெறும் வானத்தில் முடிகின்ற தடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். பனையோலை, புகார், மேகம் எதையும் அவை தொடக்கூடாது. துருவத்துக்கு நேர்மேலே ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் எடுங்கள். ஏன் இப்படி இரு திசைகளில் என்பது கீழே புரியும். பிரகாசமான தடம் வேண்டுமென்பதில்லை. முனை கூர்மையாகத் தெரியும் மெல்லிய தடமே மேல். விண்மீனின் பெயரைத் தெரிந்திருக்கவும் தேவையில்லை.

காகிதத்தில் செய்தல்

படத்தை வெட்டாமல் முழுதாக ஏ4 தாளில் அச்சிடுங்கள். தேர்ந்த தடத்தின் இரு முனைகளையும் ஊசிமுனைப் பென்சிலால் குறியுங்கள். இரண்டையும் நேர்கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டின் நடுப்புள்ளியிலிருந்து செங்குத்தாக இன்னொரு கோடு இழுங்கள். வேறு திசையிலுள்ள இரண்டாவது தடத்துக்கும் இதையே செய்யுங்கள். இரு செங்குத்துகளும் சந்திக்கும் இடத்தின் அருகில்தான் துருவப்புள்ளி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வட்டத்தின் மையம் காண நாம் படித்த அதே வழி. இரண்டு தடங்களும் ஏறத்தாழ ஒரே திசையில் இருந்தால் செங்குத்துகள் மிகக் கூர்மையாக வெட்டி, பென்சில் கோட்டின் தடிப்பே மையத்தைப் பல மில்லிமீற்றர் நகர்த்திவிடும். அதனால்தான் இரு திசைத் தடங்கள்.

துருவ நட்சத்திரம் படத்தில் இருந்தால் அதையே மையமாக வைத்துக்கொள்ளலாமே என்று பலர் கேட்பார்கள். அது துருவத்துக்கு மிக அருகில் இருக்கிறது, ஆனால் துருவத்திலேயே இல்லை. இப்போது சுமார் 0.63 பாகை தள்ளி நின்று தானும் ஒரு குட்டி வட்டம் போடுகிறது. கூர்ந்து பார்த்தால் அதுவும் சிறு கோடாகத்தான் விழுந்திருக்கும்.

மையம் கிடைத்ததும் அதிலிருந்து தடத்தின் இரு முனைகளுக்கும் கோடு இழுத்து, இடையிலுள்ள கோணத்தைப் பாகைமானியால் அளந்து நான்கால் பெருக்குங்கள். பாகைமானியில் ஒரு பாகை தவறினால் விடை நான்கு நிமிடம் தவறும். பெரும்பாலான தேவைகளுக்கு அந்தத் துல்லியம் போதும்.

கணினியில் செய்தல்: தம்பியின் படம்

அவன் படத்தைப் பென் டிரைவில் கொண்டுவந்தான். 6000 பிக்சல் அகலம், 4000 உயரம். முழுச்சட்ட கமரா, 24 மி.மீ. லென்ஸ். `GIMP` போன்ற மென்பொருளில் சுட்டியைப் புள்ளியின் மேல் வைத்தால், அது இடமிருந்து எத்தனையாவது பிக்சல், மேலிருந்து எத்தனையாவது பிக்சல் என்று கீழே காட்டும். முனைகளை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து அந்த எண்களைக் குறித்துக்கொண்டேன்.

துருவத்துக்கு மேலே நகர்ந்த தடம் (3589, 1469) இல் தொடங்கி (2817, 1357) இல் முடிந்தது. வலப்பக்கத்துத் தடம் (4082, 2660) இல் தொடங்கி (3838, 2099) இல் முடிந்தது. இரண்டுக்கும் செங்குத்துக் கோடுகள் இழுத்ததில் அவை (3002, 2796) இல் சந்தித்தன. துருவ நட்சத்திரத்தின் குட்டித் தடத்தின் நடுப்பகுதி (2962, 2780) இல் இருந்தது. ஆக, துருவப்புள்ளி நட்சத்திரத்துக்கு வலப்பக்கம் என்பது உறுதியாயிற்று.

இந்த இடத்தில் சற்றுப் பொறுமை வேண்டும். சாதாரண லென்ஸின் படத்தில் இந்தத் தடங்கள் அச்சொட்டான வட்டத் துண்டுகள் அல்ல. படத்தின் நடுவிலிருந்து விலகும் எதையும் லென்ஸ் வெளிநோக்கி இழுத்து நீட்டுகிறது. அதனால் வட்டங்கள் சற்று நீள்வட்டமாகிவிடுகின்றன. செங்குத்துகள் சந்திக்கும் இடமும் கொஞ்சம் விலகும். எனவே சந்திப்புப் புள்ளியை, துருவம் எந்தப் பக்கம் என்று அறிய மட்டும் பயன்படுத்தினேன். துல்லியமான இடத்தைத் துருவ நட்சத்திரத்தின் தடத்திலிருந்து எடுத்தேன்.

அதற்கான கணக்கு இது. படத்தின் அகலத்தை லென்ஸின் மி.மீ. எண்ணால் பெருக்கி, சென்சரின் அகலத்தால் வகுக்க வேண்டும். முழுச்சட்ட கமராவில் சென்சர் அகலம் 36 மி.மீ. எனவே 6000 × 24 ÷ 36 = 4000. இதில் 0.63 பாகை என்பது 0.011 மடங்கு, அதாவது 44 பிக்சல். நடுவிலிருந்து விலகியிருப்பதால் நீட்சி சேர்ந்து 45 என்று கொள்ளலாம். நட்சத்திரத்தின் குட்டித் தடம் வலப்பக்கம் கீழ்நோக்கிச் சரிந்திருந்தது. அதற்குச் செங்குத்தாக வலப்பக்கம் மேல்நோக்கி 45 பிக்சல் நகர்ந்தால் (3000, 2756). அதுவே துருவப்புள்ளி.

இப்போது விரிதாள் ஒன்றைத் திறந்து, துருவப்புள்ளியின் இரு எண்களை B1, C1 கட்டங்களிலும், தொடக்க முனையை B2, C2 இலும், இறுதி முனையை B3, C3 இலும் இட்டு, வேறொரு கட்டத்தில் இதை எழுதுங்கள்.

```
=ABS(DEGREES(ATAN2(B2-B1,C1-C2)-ATAN2(B3-B1,C1-C3)))*3.989
```

விடை நேராக நிமிடத்தில் வரும். பிக்சல் எண்கள் மேலிருந்து கீழாகக் கூடுவதால்தான் செங்குத்து எண்ணில் கழித்தல் தலைகீழாக இருக்கிறது. துருவத்துக்கு நேர் இடப்பக்கத்தைக் கடக்கும் தடத்தில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. விடை 718 நிமிடத்தைத் தாண்டிப் பெரிதாக வந்தால், 1436 இலிருந்து அதைக் கழித்துவிடுங்கள்.

மேலே நகர்ந்த தடம் 32.0 பாகை காட்டியது, 128 நிமிடம். வலப்பக்கத் தடம் 33.0 பாகை, 132 நிமிடம். சராசரி 130 நிமிடம், அதாவது 2 மணி 10 நிமிடம்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி, படங்களை அடுக்கிய மென்பொருளில் கோப்புப் பட்டியல் மிஞ்சியிருப்பதைக் கண்டான். 252 படங்கள். ஒவ்வொன்றும் 30 விநாடி, இடையில் ஒரு விநாடி. 252 × 31 = 7812 விநாடி, 130 நிமிடம். அந்தச் செய்தியைக் கேட்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.

துருவ நட்சத்திரத்தையே மையமாக வைத்திருந்தால்? அதையும் கணக்கிட்டுப் பார்த்தேன். 126 நிமிடம் வந்தது. நான்கு நிமிடக் குறைவு. அவசரக் கணக்குக்கு அதுவும் பழுதில்லை.

128, 132: ஏன் இந்த வேறுபாடு

இது கைத்தவறு அல்ல. இந்தப் படத்தில் கமரா துருவத்தைவிடச் சுமார் 11 பாகை மேலே நோக்கியிருந்தது. வன்னியில் எவரும் அப்படித்தான் வைப்பார்கள், இல்லையேல் பாதிப் படம் நிலமாகிவிடும். லென்ஸ் துருவத்தைச் சுற்றியுள்ள வானத்தை மேல்கீழாகச் சற்று இழுத்திருக்கிறது. அப்படி இழுபட்ட வட்டத்தில் உச்சியில் கிடக்கும் கோணங்கள் ஒடுங்குகின்றன, பக்கவாட்டிலுள்ளவை விரிகின்றன. ஒன்று குறைத்துச் சொல்லும், மற்றது கூட்டிச் சொல்லும். இரண்டின் சராசரியை எடுத்தால் பெரும்பகுதி ஈடாகிவிடுகிறது. மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று நான் வற்புறுத்தியதன் இரண்டாவது காரணம் இதுதான்.

துருவம் படத்தின் நடுவிலிருந்து 11 பாகைக்குள் இருந்தால் இந்தக் கோணல் ஒரு தடத்தில் நான்கைந்து நிமிடத்தைத் தாண்டாது. 30 பாகை விலகியிருந்தால், நீண்ட தடம் ஒன்றில் அரை மணிநேரம் வரைகூடப் பிசகலாம். கமராவை உயரத் தூக்கி எடுத்த அகலப் படங்களை இந்த முறையில் அளந்து நிமிடக் கணக்கு சொல்லாதீர்கள். வெட்டிய படமும் இடர்தான். கோணம் மாறாது, ஆனால் நடுப்புள்ளி எங்கிருந்தது என்பது தெரியாமல் போவதால் கோணலை மதிப்பிட முடியாது. அளவு சுருக்கிய படம் மட்டும் பரவாயில்லை. அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் சுருங்கியிருந்தால் கோணம் அப்படியே இருக்கும். மீன்கண் லென்ஸுக்கும், பல படங்களை ஒட்டிச் செய்த அகலக்காட்சிக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

தெற்கு நோக்கிய படத்தில் தென் துருவம் அடிவானத்துக்கு 9 பாகை கீழே கிடக்கிறது, மையத்தைக் கண்ணால் பார்க்கவே முடியாது. தலைக்கு மேலே ஓரியன் நகரும் பகுதியில் தடங்கள் ஏறக்குறைய நேர்கோடுகள், வளைவே இல்லாததால் மையம் தேட வழியில்லை. இவற்றுக்கு வேறு முறை வேண்டும்.

தடம் அறுந்திருந்தால்

இந்த முறை தருவது, முதல் ஒளி விழுந்ததிலிருந்து கடைசி ஒளி விழும்வரை ஓடிய கடிகார நேரம். ஷட்டர் உண்மையில் திறந்திருந்த மொத்த நேரம் அதைவிடக் குறைவாக இருக்கலாம். தம்பியின் படத்தில் 130 நிமிடம் ஓடியிருக்கிறது, ஷட்டர் திறந்திருந்தது 126 நிமிடம். ஒரு விநாடி இடைவெளிகள் கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் தடம் புள்ளிக்கோடு போல, கோடும் இடைவெளியும் சம நீளமாக வந்திருந்தால், கமராவில் நீண்ட நேரப் படத்துக்கான இரைச்சல் நீக்கி இயங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். ஒவ்வொரு படத்துக்குப் பின்பும் அதே அளவு நேரம் மூடிய ஷட்டருடன் ஒரு கறுப்புப் படம் எடுக்கிறது. அப்போது ஓடிய நேரத்தில் ஏறத்தாழப் பாதிதான் திறந்திருந்த நேரம்.

பெரிய இடைவெளி ஒன்று தெரிந்தால் அது எல்லாத் தடங்களிலும் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாத் தடங்களிலும் தொடக்கத்திலிருந்து ஒரே கோணத்தில் அறுந்திருந்தால் கமரா நின்றிருக்கிறது. மின்கலம் மாற்றியிருப்பார்கள், அல்லது அட்டை நிரம்பியிருக்கும். வானத்தின் ஒரு பகுதியில் மட்டும் அறுந்திருந்தால் அது மேகம். தடங்கள் அறாமல், முடிவை நோக்கி எல்லாமே மெல்ல மெல்ல மங்கி அகன்றிருந்தால் பனி. தை, மாசி இரவுகளில் வயல்வெளியில் லென்ஸ் முகப்பில் பனி படிவது இங்கே வழக்கம். அப்படிப்பட்ட படத்தில் தடத்தின் இறுதி முனை எங்கே என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. கிடைக்கும் விடையை "குறைந்தது இவ்வளவு" என்றே எழுதுங்கள்.

தம்பியின் படத்தில் வலப்பக்கம் பனைக்கு மேலே தொடங்கிய இன்னொரு தடத்தையும் அளந்தேன். அதுவும் 33 பாகைக்கு அருகில் வந்தது. ஆனால் இடப்பக்கம் இறங்கிய ஒரு தடம் 21 பாகை மட்டுமே காட்டியது. மற்றவை ஒத்துப்போக, ஒன்று மட்டும் குறைந்தால் அதைச் சராசரியில் சேர்க்கக்கூடாது. பெரிதாக்கிப் பார்த்தபோது அதன் முனை ஒரு பனையின் ஓலைக்குள் நுழைந்திருந்தது. 21 பாகைக்கு 84 நிமிடம். படம் தொடங்கி ஏறத்தாழ 84 நிமிடத்தில் அந்த விண்மீன் அந்த ஓலையின் பின்னால் மறைந்திருக்கிறது.